துபாய்க் கணக்கும் வருமான வரி நோட்டீஸும்: ஊர் திரும்பியவர் எழுத வேண்டிய பதில்

வெளிநாட்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவருக்கு வருமான வரித் துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் வருகிறது. அவர் பெயரில் வெளிநாட்டு வங்கிக் கணக்கு ஒன்று இருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது என்றும், அவர் தாக்கல் செய்த கணக்குப் படிவத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றும், இந்தியாவில் வசிப்பவர் என்று தன்னைக் குறிப்பிட்டுவிட்டுக் கணக்கை மறைத்தது ஏன் என்றும் அதில் கேட்கப்பட்டிருக்கும். இதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அந்த ஆண்டில் அவருடைய வசிப்பு நிலை என்ன என்பது ஒன்று. அந்தக் கணக்கில் இருக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு ஆதாரத்தோடு விளக்கினால் பெரும்பாலான சம்பளக்காரர்களின் விவகாரம் அத்தோடு முடிந்துவிடக்கூடும். ஒன்றோடொன்று குழப்பி எழுதப்படும் பதில்தான் சிக்கலை இழுத்துக்கொண்டு வருகிறது.

துறைக்குத் தகவல் போகும் வழி எளிது. நாடுகள் தங்கள் வங்கிகளில் உள்ள அயல்நாட்டு வரிதாரர்களின் கணக்கு விவரங்களை ஆண்டுதோறும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இந்தியா 2017 முதல் இதில் பங்கு பெறுகிறது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் போன்ற நாடுகள் 2018இல் சேர்ந்தன. கணக்கு வைத்திருப்பவரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, கணக்கு எண், டிசம்பர் 31 அன்று இருந்த இருப்பு, அந்த ஆண்டில் வரவு வைக்கப்பட்ட வட்டி ஆகியவை அந்தத் தகவலில் இருக்கும். துபாயில் வேலை பார்த்த காலத்தில் ஒருவர் அமீரகத்தில் வசிப்பவராகவே வங்கிப் பதிவேட்டில் இருப்பார். அதனால் அவர் கணக்கு இந்தியாவுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. விசாவை ரத்து செய்துவிட்டுக் கிளம்பும்போது ஊர் முகவரியையும் பான் எண்ணையும் வங்கியில் கொடுக்கிறார். அன்றிலிருந்து அந்தக் கணக்கு இந்தியருடைய கணக்காகத் தெரிவிக்கப்படத் தொடங்குகிறது. பத்து வருடம் கேட்காதவர்கள் இப்போது திடீரென்று ஏன் கேட்கிறார்கள் என்று திரும்பியவர்கள் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அது உண்மையானதா என்பதை. 2019 அக்டோபர் முதல் துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். துறையின் இணையதளத்தில் அந்த எண்ணை இட்டுச் சரிபார்க்கலாம். அடுத்து பார்க்க வேண்டியது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அது வந்திருக்கிறது என்பது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 131(1A) என்றால் புலனாய்வுப் பிரிவு விவரம் கேட்கிறது என்று பொருள். 148A என்றால் பழைய ஆண்டின் கணக்கை மறுபடி திறக்கலாமா என்று காரணம் கேட்கிறார்கள். 2015ஆம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டத்தின் 10ஆம் பிரிவு என்றால் நிலைமை இன்னும் கடுமையானது. அது மதிப்பீட்டுக்கான நோட்டீஸ். மூன்றுக்கும் சொல்ல வேண்டிய உண்மைகள் ஒன்றுதான் என்றாலும், கடைசி வகைக்கு அனுபவமுள்ள ஆடிட்டர் அல்லது வழக்கறிஞர் இல்லாமல் பதில் எழுதக் கூடாது.

இந்த விவகாரத்தை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்பது நல்லது. ஏசி மெக்கானிக் ஒருவர் 2009 அக்டோபரில் துபாய்க்குப் போகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்துவிட்டு, 2021 அக்டோபர் 10 அன்று விசாவை ரத்து செய்துகொண்டு ஊருக்கே வந்துவிடுகிறார். துபாய்க் கணக்கை மூடவில்லை. அதில் 1,10,000 திர்ஹம் நிலை வைப்பாக இருக்கிறது. நம் பணத்தில் ஏறக்குறைய 24 லட்சம் ரூபாய். ஊரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அங்கே சொன்னபடி ஆண்டுதோறும் எளிய படிவமான ஐ.டி.ஆர். 1ஐத் தாக்கல் செய்கிறார். 2025 நவம்பரில் நோட்டீஸ் வருகிறது. 2023–24 நிதியாண்டில் இந்தியாவில் வசிப்பவராகக் கணக்குக் காட்டியிருக்கிறீர்கள், 2023 டிசம்பர் 31 அன்று உங்கள் பெயரில் அமீரகத்தில் கணக்கு இருந்தது, அதை ஏன் தெரிவிக்கவில்லை என்பது கேள்வி.

வெளிநாட்டுச் சொத்துகளை எழுதுவதற்கு வருமான வரிப் படிவத்தில் ஷெட்யூல் எஃப்.ஏ. என்ற பட்டியல் உண்டு. இந்தப் பட்டியலை நிரப்ப வேண்டிய கடமை எல்லாருக்கும் இல்லை. சட்டம் மக்களை மூன்று வகையாகப் பார்க்கிறது. முதல் வகை வெளிநாட்டில் வசிப்பவர். இரண்டாவது இந்தியாவில் வசிப்பவர், ஆனால் வழக்கமாக வசிப்பவர் என்ற நிலையை இன்னும் எட்டாதவர். ஆர்.என்.ஓ.ஆர். என்று ஆடிட்டர்கள் சொல்வது இவரைத்தான். மூன்றாவது வழக்கமாக இங்கேயே வசிப்பவர். இந்த மூன்றாம் வகையினர் மட்டுமே வெளிநாட்டுக் கணக்கைப் பட்டியலில் காட்டியாக வேண்டும். அவர்களுக்கு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், வெளிநாட்டில் ஒரு கணக்கு இருந்தாலே படிவம் தாக்கல் செய்யும் கடமை வந்துவிடுகிறது. ஆர்.என்.ஓ.ஆர். நிலையில் இருப்பவருக்கு அந்தப் பட்டியல் இல்லை. வெளிநாட்டு வைப்புத் தொகையின் வட்டிக்கு இங்கே வரியும் இல்லை. பல ஆண்டு வெளியே இருந்தவர் தன் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சட்டம் தரும் இடைவெளி என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பிய தொழிலாளிக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பும் இதுதான். வருத்தம் என்னவென்றால், அவர்களில் பலருக்கு இப்படி ஒரு நிலை இருப்பதே தெரியாது.

மெக்கானிக்கின் நிலையை ஆண்டு வாரியாக எண்ண வேண்டும். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அவர் வசிப்பவர். அவ்வளவு இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்திருந்தால் அவர் வசிப்பவரே. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் விடுமுறைக்கு வந்து போகும் ஆண்டுகளுக்கு இந்த 60 நாள் விதியில் சலுகை உண்டு. ஆனால் அது வந்து போகிறவர்களுக்கானது. நிரந்தரமாகத் திரும்பிவிட்ட ஆண்டுக்கும் அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி எழுதுவது அபாயம்.

2021–22இல் அக்டோபர் 10 முதல் மார்ச் 31 வரை எண்ணினால் 173 நாள். 182ஐ எட்டவில்லை. 60 நாள் தாண்டிவிட்டது. எனவே முந்தைய நான்கு ஆண்டுகளின் விடுமுறையைப் பார்க்க வேண்டும். 2017–18இல் 40 நாள், அடுத்த ஆண்டு 45, அதற்கடுத்து 42, கொரோனா ஆண்டான 2020–21இல் 58. மொத்தம் 185 நாள்தான். 365க்கு வெகு கீழே. ஆகவே ஊர் திரும்பிய அந்த ஆண்டிலும் அவர் வெளிநாட்டில் வசிப்பவராகவே கணக்கில் வருகிறார்.

2022–23இல் முழு ஆண்டும் ஊரில்தான் இருந்தார். வசிப்பவர் என்பதில் சந்தேகமில்லை. இப்போது அடுத்த சோதனை வருகிறது. முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு வெளிநாட்டில் வசிப்பவராக இருந்திருந்தால் அவர் ஆர்.என்.ஓ.ஆர். அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்கள் 729க்கு மேல் போகாமல் இருந்தாலும் ஆர்.என்.ஓ.ஆர். இரண்டில் ஒன்று போதும். 2012–13 முதல் 2021–22 வரை பத்து ஆண்டும் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் 2022–23இல் அவர் ஆர்.என்.ஓ.ஆர். நோட்டீஸில் கேட்கப்பட்டிருக்கும் 2023–24க்கு முந்தைய பத்து ஆண்டுகளை எடுத்தால், 2022–23 ஒன்று மட்டும் வசிப்பவர், மீதி ஒன்பதும் வெளிநாடு. அதாவது அந்த ஆண்டிலும் அவர் ஆர்.என்.ஓ.ஆர். துபாய்க் கணக்கை அந்த ஆண்டுப் படிவத்தில் காட்டும் கடமை அவருக்கு இல்லவே இல்லை.

இதே மனிதர் ஆண்டுக்கு 40, 45 நாளுக்குப் பதிலாக 92 நாள் வீதம் ஊரில் தங்கிவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகும்? நான்கு ஆண்டுகளில் 368 நாள். 365 என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. அப்போது 2021–22லேயே அவர் வசிப்பவராகிவிடுவார். 2023–24க்கு முந்தைய பத்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு வசிப்பவர், எட்டு ஆண்டு மட்டுமே வெளிநாடு. ஏழு ஆண்டு நாள் கணக்கும் 729ஐத் தாண்டிவிடும். அப்படியானால் 2023–24இல் அவர் வழக்கமாக வசிப்பவர். கணக்கைக் காட்டாதது உண்மையிலேயே தவறு. எண்ணெய்க் கிணறுகளில் நாலு வாரம் வேலை, நாலு வாரம் வீடு என்று சுழற்சி முறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். ஒரே தேதியில், ஒரே விமானத்தில் திரும்பிய இருவரில் ஒருவருக்குக் கடமை இல்லாமலும் மற்றவருக்கு இருந்தும் போவதற்குக் காரணம், பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த விடுப்பின் நீளம். அதனால்தான் நண்பர் எழுதிய பதிலை நகல் எடுத்து அனுப்புவது இந்த விஷயத்தில் உதவாது.

நாள் கணக்குக்கு ஆதாரம் பாஸ்போர்ட் முத்திரைகள். வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்து எண்ணுவதே பாதுகாப்பு. அப்படி எண்ணியும் வரம்புக்குள் நின்றால் அந்த வாதத்தை யாரும் அசைக்க முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு பாஸ்போர்ட்டாவது காலாவதியாகி மாறியிருக்கும். பழையதைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். அது இல்லாதவர்கள் விமான டிக்கெட்டுகள், கம்பெனியின் விடுப்புக் கடிதங்கள், துபாய் குடிவரவுத் துறையில் கிடைக்கும் வருகை–புறப்பாடு அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு கணக்கை நிறுவ வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் வந்த தேதி, போன தேதி, நாள்கள், பாஸ்போர்ட் பக்க எண் என்று ஓர் அட்டவணை தயாரித்துப் பதிலோடு இணைத்தால், அதிகாரி ஒரே பார்வையில் சரிபார்த்துவிடலாம்.

இங்கே ஒரு முள் இருக்கிறது. மெக்கானிக் தாக்கல் செய்த ஐ.டி.ஆர். 1 என்ற படிவத்தை வழக்கமாக வசிப்பவர் மட்டும்தான் பயன்படுத்தலாம். ஆர்.என்.ஓ.ஆர். நிலையில் இருப்பவர் ஐ.டி.ஆர். 2ஐ நிரப்பியிருக்க வேண்டும். ஆக, அவருடைய படிவமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. அதிகாரி கேள்வி கேட்பதில் தவறில்லை. 2023–24க்கான படிவத்தைத் திருத்தும் அவகாசமும் 2025 ஜனவரி 15உடன் முடிந்துவிட்டது. எனவே பதிலில் இதை மூடி மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படிவத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது உண்மை. ஆனால் ஒருவரின் வசிப்பு நிலையை முடிவு செய்வது சட்டத்தின் 6ஆம் பிரிவும் நாள் கணக்கும்தான், படிவத்தில் இட்ட குறி அல்ல. மத்திய வருவாய் வாரியம் 1955 ஏப்ரல் 11 அன்று வெளியிட்ட 14ஆம் எண் சுற்றறிக்கை, வரி செலுத்துபவரின் அறியாமையை அதிகாரிகள் தங்களுக்குச் சாதகமாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. அந்தப் பழைய சுற்றறிக்கையை இன்றும் இத்தகைய பதில்களில் மேற்கோள் காட்டுகிறார்கள். எடுத்துக்காட்டுக்காரர் அதைத் தாராளமாகக் குறிப்பிடலாம்.

வசிப்பு நிலையை விளக்கியதோடு நிறுத்திக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு. கறுப்புப் பணச் சட்டத்தில், வெளிநாட்டுச் சொத்துக்கான முதலீடு எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாவிட்டால், அல்லது விளக்கம் அதிகாரிக்குத் திருப்தி தராவிட்டால், அது வெளிப்படுத்தப்படாத சொத்தாகிவிடும். அப்படி ஆன சொத்துக்கு அது வாங்கப்பட்ட ஆண்டில் வரி போடுவதில்லை. அதிகாரியின் கவனத்துக்கு வந்த ஆண்டில் போடுகிறார்கள். நோட்டீஸ் வரும் 2025–26இல் மெக்கானிக் வழக்கமாக வசிப்பவர். ஆகவே 2023–24இல் ஆர்.என்.ஓ.ஆர். என்ற வாதம் பணத்தின் மூலம் பற்றிய கேள்விக்குக் கேடயம் ஆகாது.

வரி 30 சதவீதம். அபராதம் அந்த வரியைப் போல் மூன்று மடங்கு. இதைவிடப் பலருக்குத் தெரியாதது, வங்கிக் கணக்கின் மதிப்பை இந்தச் சட்டத்தின் விதிகள் கணக்கிடும் முறை. இன்றைய இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. கணக்கு தொடங்கிய நாளிலிருந்து அதில் போடப்பட்ட எல்லாத் தொகைகளின் கூட்டல்தான் மதிப்பு. அதே கணக்கிலிருந்து எடுத்து மறுபடி போட்டதை மட்டும் கழிக்கலாம். மாதம் 5,000 திர்ஹம் சம்பளம் பன்னிரண்டு ஆண்டு வரவானால் 7,20,000 திர்ஹம். ரூபாயில் ஒன்றரைக் கோடிக்கு மேல். இருப்பது 24 லட்சம் என்றாலும், ஒன்றுக்குமே விளக்கம் இல்லை என்று ஆகிவிட்டால் வரி மட்டும் 45 லட்சத்தைத் தாண்டும். சம்பளத்தைத் தவிர வேறொன்றும் அறியாத தொழிலாளிக்கு இது நேரக் கூடாது. விளக்கம் தந்து மூலத்தை நிறுவிய பகுதி மதிப்பிலிருந்து கழிக்கப்படும். ஆனால் விளக்க வேண்டிய பொறுப்பு அவருடையது.

எனவே பதிலின் இரண்டாம் பாகத்தில் பணத்தின் வரலாறு இருக்க வேண்டும். மெக்கானிக்கின் 1,10,000 திர்ஹமை இரண்டாகப் பிரிக்கலாம். வேலையை விட்டபோது கிடைத்த பணிக்கொடை ஒன்று. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் தர வேண்டும். அவருடைய அடிப்படைச் சம்பளம் 3,000 திர்ஹம். நாளுக்கு 100. முதல் ஐந்து ஆண்டுக்கு 10,500, அடுத்த ஏழு ஆண்டுக்கு 21,000, ஆக 31,500 திர்ஹம். கம்பெனி கொடுத்த செட்டில்மெண்ட் தாளில் இதே தொகை இருக்கும். வங்கி அறிக்கையிலும் அதே தொகை வரவாகியிருக்கும். மீதி 78,500 திர்ஹம் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது. மொத்தச் சம்பளத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். வேலை ஒப்பந்தம், சம்பளச் சான்று, வங்கி அறிக்கை, ஊருக்கு அனுப்பிய பணத்துக்கான என்.ஆர்.இ. கணக்குப் பதிவுகள் ஆகியவை சேர்ந்தால் கதை முழுமையாகிவிடும். பழைய ஆண்டுகளின் அறிக்கைகள் வங்கியிடம் இல்லாமல் போகலாம் என்பதால், கணக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைப்பதை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே உண்மையான தொல்லை தருபவை சம்பளம் அல்லாத வரவுகள். ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் சேர்ந்து நடத்திய சீட்டுப் பணம், நண்பர் கைமாற்றாகக் கொடுத்தது, ஊருக்கு அனுப்பச் சொல்லி மற்றவர்கள் இவர் கணக்கில் போட்டது என்று வளைகுடா வாழ்க்கையில் இயல்பாக நடக்கும் பரிமாற்றங்கள் வங்கி அறிக்கையில் விளக்கமில்லாத வரிகளாக நிற்கின்றன. அவற்றைச் சம்பளம் என்று எழுதிவிடுவது பெரிய தவறு. ஒரு வரவு பொய் என்று தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் அதிகாரி சந்தேகிப்பார். சீட்டுப் பணம் என்றால் சீட்டுப் பணம் என்றே எழுத வேண்டும். அதே நாளோ அடுத்த நாளோ அது வெளியே போயிருந்தால் அந்த வரியையும் காட்ட வேண்டும். உடன் இருந்தவர்களிடம் கையெழுத்திட்ட உறுதிமொழி வாங்கி இணைக்கலாம்.

பதிலில் எழுதக் கூடாதவையும் உண்டு. கணக்கு இல்லவே இல்லை என்று மறுப்பது எல்லாவற்றிலும் மோசம். எண்ணும் இருப்பும் துறையின் கையில் இருக்கின்றன. நான் என்.ஆர்.ஐ. என்று எழுதுவதும் தவறு. 2023–24 முழுவதும் ஊரில் இருந்தவர் எந்தக் கணக்கிலும் வெளிநாட்டில் வசிப்பவர் ஆக மாட்டார். என்.ஆர்.இ. கணக்கு இன்னும் இருக்கிறது என்பது அதற்கு ஆதாரமும் ஆகாது. சொல்லப்போனால் அது இன்னொரு பிரச்சினை. அந்நியச் செலாவணிச் சட்டம் நாள் கணக்கைவிட நோக்கத்தைப் பார்க்கிறது. நிரந்தரமாக வாழ வந்தவர் வந்த நாளிலிருந்தே அந்தச் சட்டத்தில் உள்நாட்டவர். அவர் என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டாலும் அதன் வட்டிக்கான வரி விலக்கு நின்றுவிடும். அதே சட்டத்தின் 6(4)ஆம் பிரிவு, வெளிநாட்டில் வசித்தபோது சேர்த்த பணத்தையும் சொத்தையும் ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருக்க அனுமதிக்கிறது. துபாய்க் கணக்கை மூடாமல் வைத்திருந்ததே குற்றமோ என்று பயப்படுபவர்கள் இந்த ஒரு பிரிவைப் பதிலில் குறிப்பிட்டால் போதும்.

பதிலின் உள்ளடக்கம் இப்படி அமையலாம். தொடக்கத்தில் பெயர், பான், நோட்டீஸின் ஆவண அடையாள எண், தேதி, மதிப்பீட்டு ஆண்டு. பிறகு இரண்டு மூன்று பத்திகள்: "மேற்படி கணக்கு என்னுடையதே. 2009 முதல் 2021 வரை துபாயில் வேலை பார்த்தபோது சம்பளம் பெறுவதற்காக அதைத் தொடங்கினேன். 2023–24 நிதியாண்டில் 6(6)ஆம் பிரிவின்படி நான் வழக்கமாக வசிப்பவர் அல்ல. அதற்கான பத்து ஆண்டு நாள் கணக்கை இணைத்துள்ளேன். எனவே அந்த ஆண்டில் ஷெட்யூல் எஃப்.ஏ. எனக்குப் பொருந்தவில்லை. அறியாமையால் ஐ.டி.ஆர். 1ஐத் தாக்கல் செய்துவிட்டேன். அதனால் வரி ஏதும் குறையவில்லை. கணக்கில் உள்ள பணம் வெளிநாட்டில் வசித்த காலத்துச் சம்பளமும் பணிக்கொடையும் அதன் வட்டியும்தான். ஆதாரங்களை இணைத்துள்ளேன். மேலும் விவரம் தேவைப்பட்டால் நேரிலும் தரத் தயார்." இணைப்புகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எந்த இணைப்பு ஆதாரம் என்று குறிக்க வேண்டும். பதிலைத் துறையின் இணையதளத்தில் e-Proceedings என்ற பகுதியில் ஏற்றி, ஒப்புகைச் சீட்டை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆவணங்கள் துபாயிலிருந்து வரத் தாமதமானால், கெடு முடியும் முன்பே அவகாசம் கேட்டு அதே இடத்தில் எழுத வேண்டும்.

இந்தப் பதிலை அனுப்பும்போதே மெக்கானிக் பார்க்க வேண்டிய இன்னொரு ஆண்டு இருக்கிறது. 2024–25க்கு முந்தைய பத்து ஆண்டுகளில் எட்டு மட்டுமே வெளிநாடு. முந்தைய ஏழு ஆண்டுகளின் நாள்களைக் கூட்டினால் 40, 45, 42, 58, 173, 365, 366, மொத்தம் 1,089. இரண்டு சோதனையிலும் தோற்கிறார். அந்த ஆண்டு முதல் அவர் வழக்கமாக வசிப்பவர். துபாய்க் கணக்கை ஷெட்யூல் எஃப்.ஏ.வில் காட்டியிருக்க வேண்டும்; வட்டியை வருமானத்தில் சேர்த்திருக்க வேண்டும். அவரோ அந்த ஆண்டும் ஐ.டி.ஆர். 1ஐயே தாக்கல் செய்திருக்கிறார். நோட்டீஸ் கேட்காத ஆண்டு என்று இதை விட்டுவிடத் தோன்றும். ஆனால் அவர் அனுப்பும் நாள் கணக்கே அடுத்த ஆண்டில் அவர் கடமைப்பட்டவர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல வேளையாக 2024–25க்கான படிவத்தை 2025 டிசம்பர் 31 வரை திருத்த முடியும். நவம்பரில் நோட்டீஸ் வந்தவருக்கு ஒரு மாத காலமாவது கையில் இருக்கிறது. ஐ.டி.ஆர். 2க்கு மாறி, ஷெட்யூல் எஃப்.ஏ.வில் நாட்டின் பெயர், வங்கியின் பெயர், முகவரி, கணக்கு எண், தொடங்கிய தேதி, ஆண்டில் எட்டிய அதிகபட்ச இருப்பு, ஆண்டு முடிவு இருப்பு, வரவான வட்டி ஆகியவற்றை நிரப்ப வேண்டும். திர்ஹமை ரூபாயாக்க ஸ்டேட் வங்கியின் டி.டி. வாங்கும் விகிதத்தைப் பயன்படுத்த வேண்டும். இந்தப் பட்டியல் மட்டும் 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நாட்காட்டி ஆண்டுக்கானது. வரிக்கு உட்படும் வட்டியோ ஏப்ரல் முதல் மார்ச் வரையிலானது. இரண்டு எண்களும் வேறுபடுவது இயல்பு. அமீரகத்தில் வட்டிக்கு வரி பிடிக்காததால் கழித்துக்கொள்ள எதுவும் இல்லை. முழு வட்டியும் இங்கே வரிக்கு உட்படும்.

அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின் 43ஆம் பிரிவு குறுக்கே வரும். கணக்கைக் காட்டாததற்கு மட்டுமே ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். பணம் முழுக்க நேர்மையானது என்றாலும் இது விதிக்கப்படலாம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலான வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. அதற்கு முன் 5 லட்சம் வரை இருப்புள்ள வங்கிக் கணக்குகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. மெக்கானிக்கின் 24 லட்சம் புதிய வரம்பையும் தாண்டி நிற்கிறது. வரம்புக்குள் இருப்பவர்களும் கணக்கைக் காட்டியே ஆக வேண்டும்; விலக்கு அபராதத்துக்குத்தானே தவிர கடமைக்கு இல்லை. அபராதம் விதிப்பது அதிகாரியின் விருப்புரிமை. மூலம் தெளிவாக இருந்து, தவறு கவனக்குறைவால் நேர்ந்தது என்று கண்ட வழக்குகள் சிலவற்றில் தீர்ப்பாயங்கள் அதை ரத்து செய்திருக்கின்றன. வேறு சிலவற்றில் உறுதி செய்தும் இருக்கின்றன. நம்பி இருக்கத்தக்க பாதை அது அல்ல. டிசம்பருக்குப் பிறகு கூடுதல் வரி கட்டி மேம்படுத்திய படிவம் தாக்கல் செய்யும் வழியும் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டைப் பற்றிக் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் தகவல் இருப்பதாக அதிகாரி தெரிவித்துவிட்ட பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

பதில் போன பிறகு அதிகாரி கூடுதல் ஆவணம் கேட்கலாம், நேரில் வரச் சொல்லலாம், அல்லது மேல் நடவடிக்கை இன்றி நிறுத்திக்கொள்ளலாம். கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டு உத்தரவு வந்துவிட்டால், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிட வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிய கேள்விகளுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகளைக் காட்டியே பதில் எழுத வேண்டும்.